நம்ம பிள்ளை கையில பத்திரம்

ஞாயிற்றுக்கிழமைகளில் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகள் இருப்பதில்லை. மற்ற நாட்களில் பிள்ளைகளை இங்கே விட்டுக் கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் வீட்டில் இருப்பதால் குஞ்சுகுளுவான்களும் வீட்டில்தான். அதனால் மாதத்தில் ஒரு ஞாயிறு அந்தக் கட்டடம் முதியோர் சங்கத்துக்குச் சொந்தம். வசதி எல்லாம் பரவாயில்லை, வாங்குகள்தான் நாலு வயதுப் பிள்ளைகளுக்குச் செய்தவை. எழுபது வயதுக் கிழவர்கள் முழங்கால் காதைத் தொட உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் சிரிப்பும் வரும், எழும்பும்போது அவர்கள் விடும் முனகலைக் கேட்டால் பாவமாகவும் இருக்கும்.

அந்த மாசி மாதக் கூட்டத்துக்குப் பேச வந்திருந்தவள் நிரஞ்சலா. பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் போன் விற்கிற, போன் திருத்துகிற, போட்டோக்கொப்பி அடிக்கிற கொமியூனிகேஷன் கடை அவளுடையது. வயது நாற்பத்தாறு. இதே தோட்டத்தில், மூன்றாம் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள். கொழுந்துக்கூடைக்குத் தலை கொடுக்காமல் தப்பி டவுனில் பெயர்ப்பலகை போட்ட ஒரே பெண் என்பதால் தோட்டத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிச் சொல்வதில்லை. 'நம்ம பிள்ளை' என்றுதான் சொல்வார்கள். போன் வாங்க வேண்டுமா, நம்ம பிள்ளை கடைக்குப் போ. போன் சத்தம் வரவில்லையா, நம்ம பிள்ளையிடம் காட்டு. அந்தப் பேரில் நிரஞ்சலாவுக்குப் பெருமை உண்டு. அந்தப் பேரால் வியாபாரமும் உண்டு. இரண்டையும் அவள் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்ததில்லை.

அழைத்தவர் கந்தப்பன். தோட்டத்துக் கந்தோரில் முப்பது வருஷம் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர், சங்கத்தின் செயலாளர். எந்தத் தாளைக் கண்டாலும் கடைசி வரி வரை வாசித்துவிட்டுத்தான் கீழே வைப்பார். கார்த்திகை மழையில் மலை சரிந்து கீழ்லயம் மண்ணோடு போனபோது ஆட்கள் எப்படியோ தப்பிவிட்டார்கள். சட்டிபானையும், பேர்த் சேர்டிபிகேட்டும், போன்களும் மண்ணுக்குள் போயின. சட்டிபானை நிவாரணத்தில் வந்தது. சேர்டிபிகேட்டுக்கு அலைந்துகொண்டிருக்கிறார்கள். போனில் இருந்த படங்களுக்கு எங்கே அலைவது என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால்தான் கந்தப்பன் டவுனுக்குப் போனெடுத்து, "நம்ம ஆளுங்களுக்கு வெளங்குற மாதிரி, குடும்பத்து வட்ஸ்அப் படமெல்லாம் தொலையாம இருக்க என்ன செய்யணும்னு ஒரு கால் மணித்தியாலம் பேசும்மா. கனக்க வேணாம், மூணு விஷயம் போதும்" என்று கேட்டார்.

மூன்று விஷயங்களையும் நிரஞ்சலா ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். கூடவே கைப்பையில் ஒரு பெட்டி மெமரி கார்டும் கொண்டு வந்திருந்தாள். சேவை செய்யப் போகும் இடத்தில் வியாபாரம் நடந்தால் சாமி கோபித்துக்கொள்ளாது.

முன்வாங்கில் பாக்கியலெட்சுமி உட்கார்ந்திருந்தாள். அறுபத்தேழு வயது. கீழ்லயத்துக்காரி, இப்போது பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் தகரம் போட்ட தற்காலிக வீட்டில் இருக்கிறாள். கூட்டம் பதினொரு மணிக்கு என்றால் அவள் பத்துக்கே வந்து இடம் பிடித்திருந்தாள். மடியில் ஒரு பொலித்தீன் பை. பைக்குள் துவாலையில் சுற்றிய ஒரு போன். நிரஞ்சலா உள்ளே நுழைந்ததும் அவள் அந்தப் பையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள். தாமதமாக வந்தாலும் வைத்தியர் வந்துவிட்டார் என்று நோயாளியின் வீட்டார் சிரிக்கிற சிரிப்பு அது.

"கொண்டாந்திருக்கேன் புள்ள. கூட்டம் முடியட்டும், அவசரமில்ல" என்றாள்.

எதைக் கொண்டுவந்திருக்கிறாள் என்று நிரஞ்சலாவுக்குப் புரியவில்லை. சிரித்துத் தலையாட்டிவிட்டுப் பேச்சைத் தொடங்கினாள்.

"மொதல்ல ஒண்ணு சொல்றேன். வட்ஸ்அப் குரூப்ங்கிறது பெட்டகம் இல்ல. அது பஸ் மாதிரி. ஏறுவாங்க, எறங்குவாங்க, பஸ் ஒடஞ்சா எல்லாம் போச்சு. அதுல வர்ற படம் உங்க போனுக்குள்ளதான் கெடக்கு. போன் போனா படமும் போகும். அதனால மொத பழக்கம், மாசத்துக்கு ஒரு நாள், பென்ஷன் எடுக்கிற அன்னைக்குன்னு வச்சுக்குங்களேன், வட்ஸ்அப்ல செட்டிங்ஸ் போய், சட்ஸ்னு இருக்கும், அதுக்குள்ள பேக்கப்னு இருக்கும். அங்க கடைசியா என்னைக்கு பேக்கப் ஆச்சுன்னு தேதி போட்டிருக்கும். தேதி பழசா இருந்தா பட்டனை அமத்துங்க. லயத்துல வைஃபை இல்ல. வைஃபை இருந்தாத்தான் ஏத்துவேன்னு அது ஒக்காந்திருக்கும். டேட்டாவிலயும் ஏத்துன்னு மாத்தி வைக்கலாம், இல்ல டவுனுக்கு வர்றப்ப என் கடையில ஒக்காந்து ஏத்திக்கலாம்."

"தேத்தண்ணி குடுப்பியா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சிரித்தார்கள்.

"ரெண்டாவது, முக்கியமான படத்த ஒரே எடத்துல வைக்காதீங்க. கல்யாணம், சடங்கு, செத்துப்போனவங்க படம், இதெல்லாம் மெமரி கார்ட்ல ஒரு கொப்பி. இன்னொரு ஊர்ல இருக்கிற சொந்தக்காரங்க போன்ல ஒண்ணு. நல்ல படம் நாலஞ்ச கழுவி சட்டம் போட்டு செவுத்துல மாட்டாம அல்பத்துல வைங்க. மூணாவது, யாராவது போன் பண்ணி, ஒரு ஆறு நம்பர் வந்திருக்கும் அத சொல்லுங்கன்னா சொல்லவே கூடாது. அத சொன்னா உங்க வட்ஸ்அப்ப அவன் எடுத்துக்குவான், ஒங்க பேரப்புள்ளைங்க படம் அவன் கையில. சொந்தக்காரன் பேர்ல கேட்டாலும் சொல்லாதீங்க. ரெண்டு கட்ட பின் நம்பர்னு ஒண்ணு இருக்கு, அதையும் போட்டு வைங்க."

நல்ல பேச்சுத்தான். சரியான பேச்சுத்தான். அதில் ஒரு சொல் பிழையில்லை. ஆனால் அவள் சொல்லாமல் தாண்டிய சொல் ஒன்று இருந்தது. பேக்கப் தேதிக்குக் கீழே, அது எந்த ஈமெயிலில் ஏறுகிறது என்றும் போட்டிருக்கும். தாளில் அந்த வரியை எழுதி, பிறகு அவளே வெட்டியிருந்தாள். 'கெழடுங்களுக்கு ஏன் வீண் குழப்பம்' என்று வெட்டும்போது தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். தனக்குத் தானே சொல்லும் காரணங்களைக் குறுக்கு விசாரணை செய்ய ஆள் கிடையாது அல்லவா.

ஆனால் கந்தப்பன் இருந்தார். கடைசி வரி வரை வாசிக்கிற மனிதர்.

"தேதி இருக்கு. சைஸ் இருக்கு. கீழ கூகுள் அக்கவுண்ட்னு ஒரு ஈமெயில் இருக்கே" என்று மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வாசித்தார். "நிரஞ்சலா கொமியூனிகேஷன் பதுளை... இது என்னம்மா, என் போன்ல ஒன் கடைப் பேரு?"

"எனக்கும் அதுதான் போட்டிருக்கு" என்றாள் ஒருத்தி.

"இங்கயும்."

"எனக்கும் அதேதான்."

பிள்ளைக்காம்பராவில் இருபத்திரண்டு பேர். பதினேழு போன்களில் அதே ஈமெயில்.

ஆரம்பத்தில் நிரஞ்சலா ஒவ்வொருவருக்கும் தனி ஈமெயில்தான் போட்டுக்கொடுத்தாள். ஒரு வாரத்தில் பாஸ்வேர்ட் மறந்து வந்து நிற்பார்கள். எழுதிக் கொடுத்த துண்டை வெற்றிலைப் பையில் வைத்து, சுண்ணாம்பு பட்டு எழுத்து அழிந்து வரும். சிலர் பேரப்பிள்ளை கண்டதையும் அமத்திப் போனைப் பூட்டிக்கொண்டு வருவார்கள். பழைய ஈமெயிலைப் போட்டால்தான் திறப்பேன் என்று போன் அடம் பிடிக்கும். ஈமெயில் யாருக்குத் தெரியும்? அழுவார்கள். அதற்குப் பிறகுதான் அவள் தோட்டத்தில் நாற்பது வீட்டுக்கும் கடை ஈமெயிலைப் போடத் தொடங்கினாள். 'மறந்தா என்ன, நான் இருக்கேன்ல' என்பாள். சும்மா சொல்லக்கூடாது, அது அன்று உதவியாகத்தான் இருந்தது. சோம்பலுக்கும் உதவிக்கும் நடுவில் இருக்கிற கோடு அவ்வளவு மெல்லிசு.

முதலில் கந்தப்பனின் மச்சான் நம்பரெல்லாம் பாக்கியலெட்சுமியின் போனில் வந்து நின்றது. ஒரே கணக்கு என்பதால் எல்லோருடைய நம்பர்களும் கலந்துவிட்டன. அதைக் கண்டதும் நிரஞ்சலா நம்பர் ஏறுவதை நிறுத்தினாள். ஒரு வீட்டுப் படம் இன்னொரு வீட்டுக்குப் போய்விடக்கூடாது என்று போட்டோ ஏறுவதையும் நிறுத்தினாள். வட்ஸ்அப் பேக்கப் மட்டும் ஒவ்வொரு நம்பருக்கும் தனித்தனியாக நிற்கும், கலக்காது என்பதால் அதை விட்டுவைத்தாள். கெட்டிக்காரிதான். கெட்டிக்காரர்கள் செய்யும் பிழைதான் நாற்பது வீட்டுக்கு ஒரேயடியாகப் போய்ச் சேரும்.

"அது கடை ஈமெயில் ஐயா. உங்களுக்கு பாஸ்வேர்ட் மறந்துரும்னு நான்தான் போட்டேன்" என்றாள்.

யாராவது கோபித்துக்கொள்வார்கள் என்று நினைத்தாள். கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் ஒரு கிழவி நெஞ்சில் கை வைத்து, "அப்பாடா! அப்ப எல்லாம் நம்ம பிள்ளை கையில பத்திரமா இருக்குன்னு சொல்லு" என்றாள். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். கந்தப்பன்கூடக் கண்ணாடியை இறக்கிவிட்டுத் தலையாட்டினார். முப்பது வருஷம் துரைமார் கணக்கைச் சரிபார்த்த மனிதர், நம்ம பிள்ளை என்றதும் சரிபார்ப்பதை விட்டுவிட்டார்.

அப்போதுதான் பாக்கியலெட்சுமி எழும்பினாள். பொலித்தீன் பையை அவிழ்த்து, துவாலையைப் பிரித்து, போனை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"நான் சொன்னேன்ல, எல்லாரும் கேட்டீங்கள்ல? மண்ணுல போன போன்ல இருந்ததெல்லாம் நிரஞ்சலா கிட்ட இருக்குன்னு நான் அன்னைக்கே சொன்னேன். இந்தா புள்ள. கோயில்ல குடுத்த போன். நம்பர் பழைய நம்பர்தான், கம்பெனி வேன் வந்தப்ப சிம் எடுத்தேன். முகாம்ல ஒரு தம்பி வட்ஸ்அப்ப போட்டுத் தரவான்னு கேட்டுச்சு. நான் தொட விடல. நம்ம பிள்ளை வந்துதான் போடணும், இல்லன்னா பழசு வராதுன்னு சொல்லிட்டேன்."

அவள் செய்தது சரி. அந்தத் தம்பி தெரியாமல் புதிதாகத் தொடங்கியிருந்தால், அடுத்த பேக்கப் பழையதன் மேல் ஏறி அதை அழித்திருக்கும். எழுத்து வாசிக்கத் தெரியாத கிழவி இரண்டரை மாதம் அந்தப் போனைத் துவாலையில் சுற்றிக் காத்திருந்தாள். காக்க வேண்டிய விதத்தில் காத்தவள் அந்த அறையில் அவள் ஒருத்திதான்.

எதற்காகக் காத்தாள் என்பது தோட்டத்துக்கே தெரியும். அவளுடைய மகள் சுபாஜினி. கைப்பிள்ளையைத் தாயிடம் விட்டுவிட்டு குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவள், ஐந்து வருஷம் அங்கேயே இருந்தாள். 'நம்ம வீடு' என்று குரூப் ஒன்று போட்டு, அம்மாவையும் கொழும்பில் வேலை செய்யும் தம்பி சுரேசையும் சேர்த்து, நாள் தவறாமல் படம் அனுப்புவாள். மொட்டை மாடியில் துணி காயப் போடும் படம், பெருநாளுக்கு எசமானி கொடுத்த சட்டையோடு ஒரு படம், கையில் மருதாணி வைத்துக்கொண்டு ஒரு படம். முந்தின வருஷம் மார்கழியில் அவள் செத்துவிட்டதாக ஏஜென்சிக்காரன் போன் எடுத்தான். நெஞ்சு நோவு என்றான். பெட்டி வந்தது, திறக்கக்கூடாது என்ற கடிதத்தோடு வந்தது. அவளுடைய போன் வரவேயில்லை. சுரேஸ் அதற்குள் மூன்று போன் மாற்றிவிட்டான், எதிலும் ஒரு படம் மிஞ்சவில்லை. சுவரில் மாட்டியிருந்த பாஸ்போட் படம் லயத்துச் சுவரோடு போனது. ஆறு வயதுப் பேத்திக்கு அம்மா என்றால் பாட்டியின் போனில் சிரித்த முகம்தான். இப்போது அந்தப் பிள்ளை, "அம்மாவ எப்ப எடுத்துத் தருவாங்க?" என்று தினமும் கேட்கிறது.

நிரஞ்சலா போனை வாங்கினாள். வாங்கும்போது அவளுக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. சத்தியமாக வரவில்லை. கடை ஈமெயிலைப் போட்டாள், பாஸ்வேர்டைப் போட்டாள், தன் போனில் 'இது நீங்கள்தானா' என்று வந்ததற்கு 'நான்தான்' என்று அமத்தினாள். வட்ஸ்அப்பைத் திறந்து பாக்கியலெட்சுமியின் நம்பரைக் கேட்டாள்.

பாக்கியலெட்சுமி நம்பரை மனப்பாடமாகச் சொன்னாள். கடைசி மூன்று எண் நானூற்றுப் பதினெட்டு.

அந்த எண்ணில் நிரஞ்சலாவின் விரல் நின்றது.

போன ஆவணி மாதம். கடை ஈமெயில் நிரம்பிவிட்டது என்று சிவப்பு எழுத்தில் வந்தது. கூகுள்காரன் சும்மா தருவது பதினைந்து ஜீபி. முன்பெல்லாம் வட்ஸ்அப் பேக்கப் அந்தக் கணக்கில் சேராது, பிறகு சேர்த்துவிட்டான். நாற்பது வீட்டுச் சுமையை ஒரு ஈமெயில் எத்தனை நாள் தாங்கும்? கடைக்கு வரும் கடிதங்கள்கூட நின்றுவிட்டன. கடையில் ஆள் நெருக்கம், ஒருத்தன் போட்டோக்கொப்பிக்கு அவசரப்படுத்துகிறான். நிரஞ்சலா உள்ளே போய்ப் பார்த்தாள். வரிசையாக நம்பர்கள், பக்கத்தில் தேதி. பெயர் இல்லை. தேதி பழசாகக் கிடந்தவற்றை, 'இந்தப் போனெல்லாம் இப்ப பாவனையில் இருக்காது' என்று அவளே முடிவு கட்டி, ஒவ்வொன்றாக அழித்தாள். ஒன்பது நம்பர். கடைசியில் இருந்தது நானூற்றுப் பதினெட்டு. ஒன்பது மாதம் பழையது. அழிக்கட்டுமா என்று கேட்டது, ஆம் என்றாள்.

ஒன்பது மாதம் ஏன் பழசாகிக் கிடந்தது? லயத்தில் வைஃபை இல்லை. டவுனுக்கு வரும்போதெல்லாம் பாக்கியலெட்சுமி கடையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்க, நிரஞ்சலாதான் பட்டனை அமத்தி ஏற்றிவிடுவாள். மகள் செத்த பிறகு அவள் டவுனுக்கு வரவில்லை. துக்கத்தில் லயத்தை விட்டு இறங்காமல் கிடந்தாள். அந்தத் துக்கத்தைத்தான் நிரஞ்சலா பாவனையில் இல்லாத போன் என்று எடுத்துக்கொண்டாள்.

ஆறு இலக்க எண் வந்தது. பாக்கியலெட்சுமி அதைப் பார்க்கவில்லை, கேட்கவும் இல்லை. யாரிடமும் கொடுக்காதீர்கள் என்று கால் மணித்தியாலத்துக்கு முன் சொன்ன எண்ணை, சொன்னவளே கிழவியின் போனில் அமத்தினாள். சக்கரம் சுற்றியது. தேடுகிறது, தேடுகிறது. நாலைந்து தலைகள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தன. பேக்கப் எதுவும் இல்லை என்று வந்தது.

"என்ன போட்டிருக்கு?" என்றாள் பாக்கியலெட்சுமி.

நிரஞ்சலா போனைத் தன் பக்கம் சாய்த்தாள். கந்தப்பன் எட்டி வாசித்தார். வாசித்துவிட்டு, அவரே ஒரு காரணமும் சொன்னார். "இல்லன்னு போட்டிருக்கே. கன நாளாச்சுன்னா கூகுள்காரன் அழிச்சிருப்பானோ?"

வாய்க்குள் வந்து விழுந்த பழம். நிரஞ்சலா அதைத் துப்பவில்லை.

"ம். அப்படித்தான் இருக்கணும் ஐயா."

"நாசமாப் போவான்!" என்று ஒருத்தி கையை நெரித்தாள். "அவன் வீட்டுல எழவு விழுந்தாத்தான் தெரியும்." ஆளாளுக்கு ஏசினார்கள். எங்கேயோ இருக்கிற ஒரு கூகுள்காரன் அன்றைக்கு நமுனுகுல மலையடியில் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமல்ல. பாக்கியலெட்சுமி மட்டும் ஏசவில்லை. போனை வாங்கித் துவாலையில் சுற்றினாள். பழையபடி நாலு மூலையும் மடித்து, முடிச்சுப் போட்டு, பையில் வைத்தாள்.

"நீ என்ன செய்வ புள்ள. நீ ஏத்தித்தானே வச்ச" என்றாள்.

அதற்குமேல் நிரஞ்சலாவால் அங்கே நிற்க முடியவில்லை. தேத்தண்ணியும் வேண்டாம், பிஸ்கட்டும் வேண்டாம், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று வெளியே வந்தாள். மெமரி கார்ட் பெட்டியைத் திறக்கவே இல்லை. பஸ் நிற்கும் இடம் தேயிலை மலையின் வளைவில், அரச மரத்தடியில். பன்னிரண்டு மணி பஸ், விட்டால் அடுத்தது மூன்றரைக்குத்தான்.

மரத்தடிக்கு வந்து ஐந்து நிமிஷம் ஆகவில்லை, பாக்கியலெட்சுமி பின்னாலேயே வந்துவிட்டாள். மேட்டிலிருந்து இறங்கி வந்த மூச்சிரைப்பு அடங்காமல், "ஒண்ணு கேக்க மறந்துட்டேன்" என்றாள். "படம் இல்லன்னா போகட்டும். அந்த குரூப் இருக்கும்ல? அதத் தொறந்து குடு. அவ பேரு எழுத்து மட்டும் எனக்கு அடையாளந் தெரியும், அதையாவது பாத்துக்கிறேன்."

நிரஞ்சலா போனை வாங்கவில்லை. தரையைப் பார்த்தாள். பஸ் வளைவுக்கு அப்பால் ஹோர்ன் அடித்தது. எப்படியும் இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லப் போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. தன்னைப் பற்றி அந்த அளவுக்கு அவளுக்குத் தெரியும்.

"பெரியம்மா, கூகுள்காரன் அழிக்கல. நான்தான் அழிச்சேன்."

பாக்கியலெட்சுமி காது கேட்காதவள் போலப் பார்த்தாள்.

"எடம் நெறஞ்சிருச்சு. நம்பர் மட்டுந்தான் தெரிஞ்சிச்சு, பேரு தெரியல. தேதி பழசா இருந்திச்சு. யாரும் பாவிக்கலன்னு நெனச்சு..."

"எப்ப?"

"போன ஆவணியில."

கிழவி கணக்குப் பார்த்தாள். விரல் விட்டே பார்த்தாள். ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை. "ஆவணியில என் போன் நல்லாத்தான் இருந்திச்சு. மண்ணு கார்த்திகையிலதான் வந்திச்சு. ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் கொண்டாந்து மறுபடி ஏத்தியிருப்பேன்ல?"

"ஆமா பெரியம்மா."

"ஒரு போன் எடுத்திருக்கலாம்ல? நம்பர் தெரிஞ்சிச்சுன்னு சொல்றியே. அந்த நம்பருக்கு ஒரு போன்?"

அன்று நம்பர் கண்ணுக்கு முன்னால் இருந்தது. ஒன்பது நம்பருக்கும் ஒன்பது அழைப்பு, மிஞ்சிப்போனால் அரை மணித்தியாலம். நிரஞ்சலாவுக்கு அது தோன்றவே இல்லை. அவர்கள் எப்போதும் அவளைத் தேடித்தான் வருவார்கள், அவள் அவர்களைத் தேடிப் போன் எடுத்து இத்தனை வருஷத்தில் பழக்கமில்லை.

பாக்கியலெட்சுமி அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்து நின்றாள். கிழவி போனை மட்டும் நீட்டிக்கொண்டே நின்றாள். "சரி. குரூப்பத் தொற."

நிரஞ்சலா வாங்கி, பேக்கப் இல்லாமலே தொடர் என்பதை அமத்தினாள். பெயர் கேட்டது, பாக்கியம் என்று போட்டாள். கொஞ்ச நேரத்தில் 'நம்ம வீடு' வந்தது. உள்ளே ஒரு எழுத்தும் இல்லை, ஒரு படமும் இல்லை, கழுவிவிட்ட சட்டி மாதிரி. ஆட்கள் இரண்டு பேர், சுரேசும் பாக்கியமும். சுபாஜினியின் நம்பர் பாவனையில் இல்லாமல் போய்க் கன காலம் என்பதால் அது தானாகவே குரூப்பை விட்டுப் போயிருந்தது.

"பேரு எங்க?"

"இல்ல பெரியம்மா."

"மேல வட்டமா ஒரு படம் இருக்குமே. குரூப்புக்கு வச்ச படம். அவ கையில புள்ளயத் தூக்கி வச்சிருக்கிற படம்தான் வச்சிருந்தா."

நிரஞ்சலா அவசரமாக மேலே தேடினாள். உண்மைதான், குரூப் படம் போனோடு போவதில்லை. போன் எத்தனை மாறினாலும் அது திரும்ப வரும். வட்டம் வெள்ளையாக இருந்தது, மெதுவாக நிறம் ஏறியது. அவள் விரலால் தொட்டுப் பெரிதாக்கினாள்.

கறுப்புப் பின்னணியில் ஒரு குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. கீழே 'கண்ணீர் அஞ்சலி' என்று எழுதியிருந்தது. மகள் செத்த அன்று சுரேஸ் மாற்றி வைத்த படம்.

பாக்கியலெட்சுமி போனை வாங்கி, வெயில் படாமல் கையால் மறைத்து, அந்த விளக்கையே பார்த்தாள். பஸ் வந்து நின்றிருந்தது.

"இது மட்டும் பத்திரமா இருக்கு" என்றாள்.

பிறகு பிள்ளைக்காம்பரா இருந்த மேட்டுப் பக்கம் தலையைக் காட்டினாள். "உள்ள இன்னும் பதினேழு பேரு ஒக்காந்திருக்காங்க, எல்லாம் ஒன் கையில பத்திரம்னு நெனச்சுக்கிட்டு. போய் சொல்லு. எல்லாருக்கும் சொந்தமா ஒரு ஈமெயில் போட்டுக் குடு. நான் போய் சொன்னா நம்ப மாட்டாங்க. மகள் செத்ததுல கெழவிக்கு மூள கொழம்பிருச்சும்பாங்க. நம்ம பிள்ளை அப்படிச் செய்யுமான்னு கேப்பாங்க."

"பஸ் வந்திருச்சு பெரியம்மா. அடுத்த கூட்டத்துக்கு வந்து நானே..."

"ஆமா" என்றாள் பாக்கியலெட்சுமி. "வந்திருச்சு."

கொண்டக்டர் தகரத்தில் தட்டினான். நிரஞ்சலா ஏறினாள். வெட்கம்கெட்டுப் போய் ஜன்னலோரச் சீட்டையும் தேடி உட்கார்ந்தாள். பஸ் வளைவில் திரும்பும்போது பார்த்தாள், பாக்கியலெட்சுமி போனைத் துவாலையில் சுற்றவில்லை. வெறும் கையில் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பக்கம், பேத்தி இருக்கும் தகர வீட்டுக்குப் போகிற பாதையில் ஏறிக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளைக்கு இனி என்ன சொல்வாள் என்று நிரஞ்சலா நினைத்தாள், நினைத்ததும் அதை விட்டுவிட்டாள்.

நமுனுகுல தாண்டுவதற்குள் அவளுடைய போன் சிணுங்கியது. கந்தப்பன் முதியோர் சங்கத்துக் குரூப்பில் அவளையும் சேர்த்திருந்தார். கூடவே ஒரு படம். பிள்ளைக்காம்பராவின் நடுவில் நின்று, மூன்று விரலைத் தூக்கிக் காட்டி அவள் பேசிக்கொண்டிருக்கும் படம். கீழே கந்தப்பன் எழுதியிருந்தார்: 'இன்றைய கூட்டத்தில் நம்ம பிள்ளை. அனைவரும் சேமித்து வைக்கவும்.'